ஒரு கேள்வியும் மிச்சம் வைக்காதே

அம்மாபேட்டை, சேலம்
அக்டோபர் 5, 2025

அன்புள்ள கண்ணு,

பெரியப்பா எழுதுகிறேன். டிசம்பர் விடுமுறையில் பயிற்சிக்குப் போக 34 கம்பெனிகளுக்கு மெசேஜ் அனுப்பியதாகவும், ஒரே ஒரு இடத்திலிருந்துதான் பதில் வந்ததாகவும், அதுவும் “டீட்டெய்ல்ஸ்?” என்ற ஒற்றைச் சொல் என்றும் உன் அப்பா போனில் சொன்னான். நீ மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னான். அந்த மெசேஜை எனக்கு அனுப்பச் சொன்னேன். வந்தது, நாலைந்து தடவை படித்தேன். போனில் பேசினால் பாதி காற்றில் போய்விடும், இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ எழுதிப் பார்க்க வேண்டும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

நீ அனுப்பியது இது:

“ஹாய் சார், நான் இன்ஜினியரிங் ஸ்டூடன்ட். உங்க கம்பெனில இன்டர்ன்ஷிப் இருக்கா? எந்த டிபார்ட்மென்ட்னாலும் ஓகே. சர்டிபிகேட் கண்டிப்பா வேணும். ப்ளீஸ் சீக்கிரம் ரிப்ளை பண்ணுங்க சார்.”

கூடவே `Resume final new 2.pdf` என்று ஒரு ஃபைல். அனுப்பிய நேரம் இரவு 11.40.

இதில் மரியாதைக் குறைவான சொல் ஒன்றும் இல்லை. ‘சார்’ இரண்டு தடவை இருக்கிறது, ‘ப்ளீஸ்’ இருக்கிறது. அப்படியும் பதில் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்றால், இந்தப் பக்கம் வந்து, அதைப் படிக்கிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் 26 வருஷம் ஒரு நூற்பாலையின் பணியாளர் பிரிவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்.

காலையில் அவர் வருவதற்குள் இரவு ஷிப்டில் யார் வரவில்லை என்ற கணக்கு மேஜையில் இருக்கும். அடுத்து பி.எஃப். வேலை, கேன்டீன் பில், ஹாஸ்டலில் யாருக்கோ காய்ச்சல். நடுவில் போனை எடுக்கிறார், உன் மெசேஜ் இருக்கிறது. உனக்கு உதவக்கூடாது என்று அவருக்கு எண்ணம் இல்லை. ஆனால் உதவ வேண்டும் என்றால் அவர் உன்னிடம் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று எண்ணிப் பார்: எந்தக் கல்லூரி? என்ன படிப்பு, எத்தனையாவது வருஷம்? எப்போதிலிருந்து எப்போது வரை? தனி ஆளா, நாலு பேர் சேர்ந்து வருகிறீர்களா? தங்க இடம் வேண்டுமா? கல்லூரிக் கடிதம் இருக்கிறதா? அடிபட்டால் யார் பொறுப்பு? என்னதான் பார்க்க வேண்டும் உனக்கு? எட்டுக் கேள்வி. எட்டையும் டைப் செய்ய அவருக்கு நேரம் இல்லை. “டீட்டெய்ல்ஸ்?” என்று ஒற்றைச் சொல் அனுப்பினாரே, அவர் அந்த 34 பேரில் நல்ல மனுஷர். மற்றவர்கள் அப்புறம் பார்க்கலாம் என்று வைத்திருப்பார்கள். அந்த ‘அப்புறம்’ வராது.

நானே அப்படி வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் பேர்கூட இல்லாமல் ஒரு மெசேஜ் வந்தது, “சார் ட்ரெய்னிங் கிடைக்குமா” என்று. யார், எங்கிருந்து என்று மதியம் கேட்கலாம் என நினைத்தேன், மறந்துபோனேன். பல மாதம் கழித்து நம் பக்கத்துத் தெருவில் தறி வைத்திருப்பவர் ஒரு கல்யாண வீட்டில், “பையன் மில்லுக்கெல்லாம் எழுதிப் பார்த்தான், ஒருத்தரும் பதில் போடலைங்க” என்றார். விசாரித்தால் அந்த நம்பர்தான். நம் தெருக்காரப் பையன், நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அவன் தன் பெயரையும் ஊரையும் எழுதாதது பாதித் தப்பு. நான் கேட்காமல் விட்டது மீதித் தப்பு. அன்றைக்குப் பட்டது இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆக, இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. விண்ணப்பத்தில் மரியாதை என்பது ‘சார்’ போடுவதிலும் ‘தங்கள் பொன்னான நேரம்’ என்று எழுதுவதிலும் இல்லை. படிக்கிறவருக்கு ஒரு கேள்வியும் மிச்சம் வைக்காமல், ‘சரி’ அல்லது ‘முடியாது’ என்று மட்டும் சொன்னால் போதும் என்ற நிலையில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் மரியாதை. அவருடைய வேலையை நீ குறைத்தால், உன் வேலையை அவர் பார்ப்பார்.

இனி உன் மெசேஜை வரி வரியாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் ‘இன்டர்ன்ஷிப்’ என்ற சொல். நீ படிக்கும்போது விடுமுறையில் இரண்டு வாரம் ஆலைக்குள் போய்ப் பார்த்துக் கற்பதை நம் பக்கத்து மில்களில் ‘இன்பிளான்ட் ட்ரெய்னிங்’ என்றுதான் சொல்வார்கள். ‘இன்டர்ன்ஷிப்’ என்றதும் சிலர் மாதக்கணக்கில் இருந்து ஒரு வேலையை முடித்துத் தருவதையும், உதவித்தொகை தருவதையும் நினைப்பார்கள். ‘அப்ரண்டிஸ்’ என்பது முற்றிலும் வேறு. அது 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, பதிவு செய்து, உதவித்தொகை கொடுத்து எடுப்பது. உன் தோழி ஒருத்தி ‘அப்ரண்டிஸ்ஷிப் வேண்டும்’ என்று எழுதியிருந்ததையும் உன் அப்பா சொன்னான். அவள் கேட்க நினைத்தது ஒன்று, எழுதியது ஒன்று. படிப்பு முடியட்டும் என்று அவளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். நீ ‘இரண்டு வார இன்பிளான்ட் ட்ரெய்னிங்’ என்று எழுது. சொல் தெளிவாக இருந்தால் பணம் கேட்கிறாயோ என்ற தயக்கமும் அவருக்குப் போய்விடும்.

அடுத்து ‘எந்த டிபார்ட்மென்ட்னாலும் ஓகே’. நீ இதைப் பணிவாக நினைத்து எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். படிக்கிறவருக்கு அது பணிவாகத் தெரியாது. ‘நான் யோசிக்கவில்லை, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்’ என்று தெரியும். உன்னை எந்தப் பிரிவில் விடுவது, யாரிடம் சொல்வது, அவர் ஒப்புக்கொள்வாரா என்று எல்லாம் அவர் தலையில் விழுகிறது.

‘சர்டிபிகேட் கண்டிப்பா வேணும்’ என்பதைப் படித்தவுடன், பெண் கற்க வரவில்லை, காகிதம் வாங்க வருகிறாள் என்று தோன்றும். சர்டிபிகேட் கேட்பது தவறில்லை. கல்லூரியில் கேட்கிறார்கள் என்றால் அதைக் கல்லூரியின் தேவையாக, கடிதத்தின் கடைசியில், ஒரு வரியில் சொல்.

‘சீக்கிரம் ரிப்ளை பண்ணுங்க’ என்பது கட்டளை மாதிரி இருக்கிறது. உன் அவசரம் உண்மைதான். கல்லூரியில் நவம்பர் 10-க்குள் கம்பெனியின் ஒப்புதலைக் கொடுக்க வேண்டும் என்றாயே, அந்தத் தேதியை எழுது. ‘சீக்கிரம்’ என்பது அவரை நெருக்கும். ‘நவம்பர் 10’ என்பது அவருக்கு ஒரு தகவல். அதற்குத் தகுந்தபடி தன் வேலையை அவர் ஒழுங்கு செய்துகொள்வார்.

இனி இருப்பதிலேயே கனமான விஷயம்: என்ன பார்க்க வேண்டும் உனக்கு? இதற்கு மட்டும் நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஆடிப் பண்டிகைக்கு வந்தபோது, உனக்கு தெர்மல் பாடம்தான் பிடிக்கிறது, சைக்ரோமெட்ரிக் சார்ட் போடுவது சுலபமாக வருகிறது என்றாய். அதைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். நீ எழுதிய 34-இல் 11 நூற்பாலைகள். நூற்பாலையில் மெக்கானிக்கல் மாணவிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், எல்லோரும் ரிங் ஃப்ரேமையும் அதன் ஸ்பிண்டிலையும்தான் சொல்வார்கள். ஒருவரும் கேட்காத ஒரு இடம் இருக்கிறது, ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்.

பஞ்சுக்குக் காற்றின் ஈரம் கணக்காக இருக்க வேண்டும். காற்று காய்ந்திருந்தால் இழையில் நிலைமின்சாரம் ஏறி, பறந்து, நூல் அடிக்கடி அறும். ஈரம் மிஞ்சினால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும், ‘லேப்பிங்’ என்பார்கள். பருத்தி நூற்கும் ரிங் ஃப்ரேம் கூடத்தில் ஈரப்பதம் ஏறக்குறைய 55 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். அதற்காகப் பெரிய விசிறிகள் காற்றை இழுத்து, நீர் தெளிக்கும் அறை வழியே விட்டு, கூரையிலோ சுவரிலோ உள்ள குழாய்ப்பாதை வழியாகக் கூடத்துக்கு அனுப்பும். உள்ளே சூடாகிப்போன காற்றில் எவ்வளவைத் திரும்ப எடுப்பது, வெளிக்காற்று எவ்வளவு கலப்பது என்பதை டேம்பர் கதவுகளைத் திறந்து மூடிச் சரிசெய்வார்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் ஒரு கணக்கு, ஐப்பசி கார்த்திகை மழையில் வேறு கணக்கு. நீ போகப்போகும் டிசம்பரில் காலை ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி இருக்கும். நீ வகுப்பில் பேப்பரில் போட்ட சார்ட் அங்கே ஒரு கூடம் அளவுக்கு உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒரு சின்ன வேலையை யோசித்துப் பார். இரண்டு வாரம், தினமும் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை, ரிங் ஃப்ரேம் கூடத்தில் நாலு இடத்திலும் வெளியே ஓர் இடத்திலும் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பநிலைகளைக் குறித்துக்கொள்கிறாய். அப்போது டேம்பர் எந்த நிலையில் இருந்தது என்று பிளான்ட் ஆபரேட்டரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறாய். அதை சார்ட்டில் போட்டு, கூடத்தின் எந்த மூலையில் ஈரம் குறைகிறது, எந்த வேளையில் குறைகிறது என்று நாலு பக்கத்தில் எழுதித் தருகிறாய். ஓடும் இயந்திரத்தில் கை வைக்க வேண்டியதில்லை. உற்பத்திக் கணக்கு, ஆர்டர் விவரம் எதையும் கேட்க வேண்டியதில்லை. ஃபிட்டர் வேலையை விட்டுவிட்டு உன்னோடு வரவேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் முடியும். கடைசியில் மில்லுக்கும் ஏதோ ஒன்று மிஞ்சும்.

விருப்பத்தைச் சொல்வது என்றால் இவ்வளவு சிறிதாகச் சொல்ல வேண்டும். “நூற்பாலைத் தொழில்நுட்பத்தை ஆழமாகக் கற்க ஆசை” என்று எழுதினால் யாரிடம் உன்னை அனுப்புவது என்று மறுபடியும் அவர் யோசிக்க வேண்டும். “ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்” என்று எழுதினால் அவர் கடிதத்தை நேராக மெயின்டனன்ஸ் மேனேஜருக்கு அனுப்பிவிடுவார். நிர்வாகத்தில் ஒரு கடிதம் யாரிடம் போகவேண்டும் என்று அதிலேயே தெரிந்தால் பாதி தூரம் அது தானாகப் போகும்.

இனி நான் எழுதிப் பார்த்தது. கம்பெனிப் பெயரும் உன் பெயரும் வரும் இடங்களைக் கோடாக விட்டிருக்கிறேன். தமிழில் எழுதியிருக்கிறேன், எண்ணம் முதலில் நம் மொழியில் நேராக நிற்கட்டும். பெரிய கம்பெனிக்கு இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள். முதலாளியே எல்லாம் பார்க்கும் மில்லுக்குத் தமிழிலேயே அனுப்பலாம், சந்தோஷமாகப் படிப்பார்கள்.

“பொருள்: இன்பிளான்ட் ட்ரெய்னிங், டிசம்பர் 8 முதல் 20 வரை, மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவி, ஒருவர்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ______. ______ கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தங்கள் ஆலையில் டிசம்பர் 8 முதல் 20 வரை, 12 வேலை நாட்கள், பகல் ஷிப்டில் இன்பிளான்ட் ட்ரெய்னிங் பெற அனுமதி வேண்டி எழுதுகிறேன். நான் ஒருத்தி மட்டும் வருகிறேன்.

தங்கள் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்துக் கற்க விரும்புகிறேன். இந்தப் பருவத்தில் சைக்ரோமெட்ரி படித்திருக்கிறேன். தாங்கள் அனுமதித்தால், ரிங் ஃப்ரேம் கூடத்தில் தினமும் மூன்று வேளை வெப்பநிலையும் ஈரப்பதமும் குறித்து, அதை ஒரு சிறிய அறிக்கையாகத் தங்களிடம் தருவேன். அளவுக் கருவியை நானே கொண்டுவருவேன். வேறு பிரிவில் பயிற்சி தருவது தங்களுக்கு வசதி என்றால் அதற்கும் தயாராக இருக்கிறேன்.

அம்மாபேட்டையில் உறவினர் வீட்டில் தங்கி தினமும் வந்துபோவேன். தங்குமிடமும் உதவித்தொகையும் தேவையில்லை. கல்லூரியின் கடிதத்தையும் என் விவரக் குறிப்பையும் இணைத்துள்ளேன். மாணவர் விபத்துக் காப்பீட்டின் நகலும் இணைப்பில் இருக்கிறது. ஆலையின் பாதுகாப்பு விதிகளையும் தகவல்களை வெளியே சொல்லாத விதியையும் கடைப்பிடிப்பேன்.

கல்லூரியில் நவம்பர் 10-க்குள் தங்கள் ஒப்புதலைச் சமர்ப்பிக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் கல்லூரிக்குத் தர ஒரு சான்றிதழ் தேவைப்படும். இந்தத் தேதிகள் வசதிப்படாது என்றால் டிசம்பர் 15 முதல் 27 வரையும் என்னால் வர முடியும்.

நன்றி.

______
கைபேசி எண், கல்லூரி, துறை”

சத்தமாகப் படித்துப் பார், இரண்டு நிமிஷத்துக்குமேல் ஆகாது. நான் முன்னே சொன்ன எட்டுக் கேள்வியில் எதற்கு இதில் பதில் இல்லை என்று தேடிப் பார். ‘எந்த டிபார்ட்மென்ட்னாலும் ஓகே’ என்பதும் உள்ளே இருக்கிறது, ஆனால் உன் விருப்பத்தைச் சொன்ன பிறகு இருக்கிறது. இப்போதுதான் அது பணிவு. இரண்டாவது தேதி கொடுத்ததும் அப்படித்தான். ‘முடியாது’ என்று சொல்ல வந்தவரைக்கூட ‘அப்போது வரட்டும்’ என்று சொல்ல வைக்கும். ஆனால் உண்மையில் வர முடியும் என்றால் மட்டும் எழுது. உன் தேர்வு அட்டவணை இன்னும் முடிவாகவில்லை என்றால் கடைசித் தேர்வுக்குப் பின் மூன்று நாளாவது விட்டுத் தேதி கேள். அனுமதி வாங்கிவிட்டு, தேர்வு தள்ளிப்போய்விட்டது என்று பின்னால் மாற்றுவது, கேட்காமலே இருப்பதைவிடக் கெடுதல்.

காப்பீடு விஷயத்தையும் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்து, இருந்தால் மட்டும் எழுது. இல்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடு. அறிக்கை தருவேன் என்று எழுதினால் தந்தே ஆக வேண்டும். கடிதத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் நீ கொடுக்கும் வாக்கு.

அனுப்பும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதை மெயிலில் அனுப்பு. வாட்ஸ்அப் நம்பர் மட்டும்தான் கிடைத்தது என்றால் முழுக் கடிதத்தையும் அங்கே கொட்டாதே. “வணக்கம். நான் ______, ______ கல்லூரி, மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. டிசம்பர் 8 முதல் 20 வரை இன்பிளான்ட் ட்ரெய்னிங் அனுமதி கேட்டு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். எந்த மெயில் முகவரிக்கு அனுப்பலாம்?” என்று எழுது. இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம் என்பதால் சொல்வார்கள். இரவு 11.40-க்கு அனுப்பாதே, காலை 10 மணிக்குமேல் அனுப்பு. ஷிப்ட் மாறும் நேரத்தில் போன் பண்ணாதே. அந்த அரைமணி நேரம் மில்லில் யாருக்கும் காது கேட்காது.

ஃபைலுக்கு `Resume final new 2.pdf` என்று பெயர் வைக்காதே. அவர் இறக்கி வைத்துக்கொண்டால், மறுநாள் பத்து `Resume`-களுக்கு நடுவில் உன்னுடையது எது என்று திறந்து திறந்து பார்க்க வேண்டும். உன் பெயர், துறை, மாதம் மூன்றும் ஃபைல் பெயரில் இருக்கட்டும். விவரக் குறிப்பு ஒரு பக்கம் போதும். கல்லூரிக் கடிதத்தைப் போனில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பாமல், நேராக ஸ்கேன் செய்து அனுப்பு. முத்திரையும் கையெழுத்தும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

ஒரே மெயிலில் 34 பேரின் முகவரியையும் போட்டு அனுப்பும் வழக்கம் உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் மற்ற 33 பேரின் பெயரும் தெரியும். ‘நம்மை விட்டால் இன்னும் 33 பேர் இருக்கிறார்கள்’ என்று விட்டுவிடுவார்கள். தனித்தனியாக அனுப்பும்போது இன்னொரு ஆபத்து: பழைய கடிதத்தை எடுத்து மாற்றும்போது முந்தின கம்பெனிப் பெயர் உள்ளே எங்காவது தங்கிவிடும். அப்படி வந்த கடிதங்களை நான் வருஷத்துக்கு ஐந்தாறு பார்த்திருக்கிறேன். அனுப்பும் முன் கம்பெனிப் பெயர் வரும் இடங்களை மட்டும் விரல் வைத்துப் படி. மேலாளர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது ‘சார்’ போடாதே. ‘மேலாளர் அவர்களுக்கு’ என்பது யாருக்கும் பொருந்தும்.

அனுப்பி ஒரு வாரம் வரை பேசாமல் இரு. பிறகு அதே மெயிலுக்குக் கீழே, “அக்டோபர் 13 அன்று அனுப்பிய விண்ணப்பத்தைத் தாங்கள் பார்க்க முடிந்ததா என்று அறிய விரும்புகிறேன். கல்லூரியில் ஒப்புதல் தர வேண்டிய நாள் நவம்பர் 10” என்று இரண்டு வரி எழுது. அதற்கும் பதில் இல்லை என்றால் ஒரு தடவை அலுவலக எண்ணுக்குப் போன் பண்ணு. அதோடு நிறுத்திக்கொள். ‘முடியாது’ என்று பதில் வந்தால், பதில் போட்டதற்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுது. அடுத்த வருஷம் ஆறு மாத புராஜெக்டுக்கு அதே மேஜைக்குத்தான் நீ எழுதப்போகிறாய்.

நல்ல கடிதம் எழுதினால் எல்லா இடத்திலும் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொள்ளாதே. சில ஆலைகளில் வெளியாட்களை உள்ளே விடவே மாட்டார்கள். கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் நம் சேலம் உருக்காலை போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கு நீ தனியாக எழுதுவதைவிட, கல்லூரி முதல்வரோ துறைத் தலைவரோ எழுதுவதுதான் முறை. அதற்கு உன் துறையில் போய்க் கேள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிப் பட்டறைகளிலும் சின்ன மில்களிலும் மெயிலே பார்க்காத முதலாளிகள் உண்டு. அங்கே இந்தக் கடிதத்தை அச்சடித்து, கல்லூரிக் கடிதத்தோடு ஒரு கவரில் வைத்து, உன் அப்பாவோடு நேரில் போய்க் கொடு. உள்ளே விடச் சொல்லி வாட்ச்மேனிடம் மன்றாட வேண்டாம். கவரின் மேல் உன் பெயர், படிப்பு, தேதி, போன் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

அனுமதி கிடைத்தபின் ஒன்று. முதல் நாள் போகும்போது கால் மூடிய ஷூ, முடியை இறுகக் கட்டி, துப்பட்டா இல்லாத உடுப்பு. ரிங் ஃப்ரேம் பக்கத்தில் தொங்கும் துணியோடு ஒரு பெண் நிற்பதைப் பார்த்தால் எந்த மாஸ்டருக்கும் அடிவயிறு கலங்கும். ‘பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிப்பேன்’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறாய். அதை நீ வாசலிலேயே காட்டிவிட வேண்டும்.

இப்போது நீ செய்ய வேண்டியது. 34-ஐ மறந்துவிடு. அந்த 11 நூற்பாலையில் ஐந்தை எடு. நம் வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்வரக்கூடிய ஐந்து. முதலில் “டீட்டெய்ல்ஸ்?” என்று கேட்டவருக்கு எழுது. அவர் இன்னும் உன் பதிலுக்குக் காத்திருக்கிறார். தாமதத்துக்கு ஒரு வரி வருத்தம் தெரிவித்துவிட்டுக் கடிதத்தைத் தொடங்கு. நான் எழுதிய இரண்டாவது பத்தியை அப்படியே எடுக்காதே. ஹியூமிடிஃபிகேஷன் என் யோசனை. உனக்கு அதில் ஆசை இருந்தால் உன் வார்த்தையில் எழுது. வேறொன்றில் ஆசை இருந்தால் அதை இதே அளவு சிறிதாக்கி எழுது. அங்கே போனதும் மெயின்டனன்ஸ் மேனேஜர், “ஏம்மா இதைத் தேர்ந்தெடுத்தாய்?” என்று கேட்பார். அப்போது பெரியப்பா சொன்னார் என்று நீ நிற்கக் கூடாது.

எழுதியதை புதன்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. நான் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படிக்கிறேன். ஏதாவது கேள்வி எனக்கு மிஞ்சினால் அதைக் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். மிஞ்சவில்லை என்றால் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு அனுப்பிவிடு.

டிசம்பருக்கு மாடி அறையை ஒழித்து வைக்கச் சொல்லி உன் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா